64,000 பேர் உள்ள நகரில் அடுத்த ஆண்டு எத்தனை பேர்? வளர்ச்சி சதவீதக் கணக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு நடுத்தர நகரத்தின் நிர்வாக அலுவலகத்தில், திட்டப் பிரிவில் நடந்தது இது. நகரத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். கணக்கைப் பின்தொடர வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். அந்தப் பிரிவில் புள்ளிவிவரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை.

குடிநீர்ப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்தது ஒரே வரி: "அடுத்த ஆண்டுக்கான மக்கள்தொகையைத் தெரிவிக்கவும்." ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்து அவர்கள் அடுத்த நிதியாண்டுக்கான நீர் அளவைத் தீர்மானிப்பார்கள். அதற்குத்தான் இந்த எண்.

எங்கள் கையில் இரண்டு கணக்கெடுப்புகள் இருந்தன. பத்து ஆண்டுகளுக்கு முந்தையதில் நகரத்தின் மக்கள்தொகை 50,000. அண்மையில் முடிந்ததில் 64,000. இரண்டுமே அந்தந்த ஆண்டின் சனவரி 1 நிலவரம். இடையில் வேறு முழுக் கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

வேலை எளிது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆண்டு வளர்ச்சி விகிதத்தைக் கண்டுபிடித்து, இப்போதைய மக்கள்தொகையோடு அந்தச் சதவீதத்தைச் சேர்த்தால் முடிந்தது. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளநிலை அலுவலரிடம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்.

## முதல் விடை: 65,792

அவருடைய எக்செல் தாளில் நான்கு வரிகள்தான். B2-வில் 50000, B3-இல் 64000. அதற்குக் கீழே இந்த இரண்டு சூத்திரங்கள்:

```
=(B3-B2)/B2/10
=B3*(1+B4)
```

முதல் சூத்திரம் 2.8% என்று தந்தது. பத்து ஆண்டுகளில் 28 சதவீதம் கூடியிருக்கிறது, ஆகவே ஆண்டுக்கு 2.8 சதவீதம். இரண்டாவது சூத்திரம் 64,000-த்தின் 2.8 சதவீதமான 1,792-ஐச் சேர்த்து 65,792 என்று காட்டியது.

முதல் பார்வைக்குத் தப்பு தெரியாது. பெருக்கல் சரி, சதவீதக் குறி சரி. சதவீதத்தைத் தவறாக உள்ளிட்டிருந்தால் விடையே கத்திக் காட்டிக் கொடுத்திருக்கும்: 2.8 என்று வெறும் எண்ணாகப் போட்டால் நகரத்தில் 2,43,200 பேர் வந்திருப்பார்கள், பார்த்த உடனே தாளைத் திருப்பிக் கொடுத்திருப்போம். 65,792 அப்படியில்லை. நம்பும்படியான இடத்தில் உட்கார்ந்திருக்கும் எண் அது.

எனக்கு உறுத்தியது ஒரு சின்ன விஷயம். பத்து ஆண்டுகளில் கூடியவர்கள் 14,000 பேர். ஆண்டுக்குச் சராசரி 1,400. ஆனால் அடுத்த ஒரே ஆண்டில் மட்டும் 1,792 பேர் கூடுவார்கள் என்கிறது தாள். நகரம் வளர வளர ஆண்டுதோறும் கூடும் எண்ணிக்கையும் உயரும், அது உண்மைதான். இவ்வளவு உயருமா என்பதுதான் கேள்வி.

## சதவீதம் எந்த அசலுக்கு?

இதைத் தாளில் விளக்கிப் பார்த்தால் பிடிபடாது என்று, இளநிலை அலுவலரிடம் ஒரு பரிசோதனை செய்யச் சொன்னேன். "உங்கள் 2.8 சதவீதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய 50,000-இலிருந்து ஆண்டாண்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். பத்தாவது ஆண்டில் 64,000 வருகிறதா பாருங்கள்."

அவர் கையாலேயே போட்டார். முதல் ஆண்டு 51,400. இரண்டாம் ஆண்டு 52,839. மூன்றாம் ஆண்டு 54,319. பத்தாம் ஆண்டில் 65,902 வந்து நின்றது. கணக்கெடுப்பில் எண்ணிய தொகையோ 64,000. விகிதம் உண்மையாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். 1,902 பேர் அதிகம்.

"அப்போ 2.8 தப்பா மேடம்?" என்று எங்கள் மூத்த அலுவலரைக் கேட்டார்.

"2.8 தப்பில்ல. அது 50,000-க்கான 2.8. நீங்க அதை 64,000-க்குப் போட்டிருக்கீங்க" என்றார் அவர்.

பள்ளியில் படித்த வட்டிக் கணக்குதான் இது. 28-ஐப் பத்தால் வகுப்பது தனிவட்டி. ஆண்டுதோறும் 1,400 பேர், அவ்வளவே, அசல் எப்போதும் பழைய 50,000. அந்த விகிதத்தை எடுத்துக்கொண்டு போய் இன்றைய 64,000 மேல் வைத்தால், தனிவட்டியில் கண்டுபிடித்த விகிதத்தைக் கூட்டுவட்டி அசலுக்குப் போடுகிறோம். தனிவட்டி என்று முடிவு செய்தால் அடுத்த ஆண்டும் 1,400-தான், விடை 65,400. அது 64,000-த்தில் 2.19 சதவீதமே. கூட்டுவட்டி என்று முடிவு செய்தால் விகிதத்தையே வேறு மாதிரி கண்டுபிடிக்க வேண்டும்: எந்த எண்ணைப் பத்து முறை பெருக்கினால் 1.28 வரும்?

```
=(B3/B2)^(1/10)-1
```

இது 2.5% என்று தந்தது. பின்னோக்கிச் சரிபார்த்தோம்: 50,000-இலிருந்து ஆண்டுக்கு 2.5 சதவீதமாக ஏறினால் பத்தாம் ஆண்டில் 64,004. கணக்கெடுப்போடு நான்கு பேர் வித்தியாசம், அதுவும் விகிதத்தை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கியதால் வந்தது. 64,000-த்தின் 2.5 சதவீதம் 1,600. அடுத்த ஆண்டு 65,600.

இரண்டு முறைக்கும் உள்ள தூரம் காலம் நீள நீளத்தான் தெரியும். 1748-இல் லியோனார்டு ஆய்லர் இதே போன்ற ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறார். ஒரு மாகாணத்தில் 1,00,000 பேர், ஆண்டுதோறும் முப்பதில் ஒரு பங்கு கூடுகிறார்கள், நூறு ஆண்டுகளில் எத்தனை பேர்? விடை 26,54,874. அதையே தனிவட்டியாகப் போட்டால் 4,33,333-தான். நூறு ஆண்டுக்கு அப்படி. ஆனால் எங்கள் கேள்வி ஒரே ஓர் ஆண்டைப் பற்றியது. அதில் 65,400-க்கும் 65,600-க்கும் 200 பேர்தான் வித்தியாசம். இதில் மணிக்கணக்காக வாதாடியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது படுகிறது. பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது.

## நிறுத்தி வைத்த இரண்டு நாட்கள்

65,600 என்று பதில் எழுதிக் கையொப்பத்துக்கும் போய்விட்டது. அதை நிறுத்தியது குடிநீர்ப் பிரிவின் பொறியாளரே. வேறு வேலையாக எங்கள் அறைக்கு வந்தவர் மேசையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துல 1,600 பேரா? அவ்வளவு புது இணைப்பு எங்ககிட்ட வரலையே சார்" என்றார்.

அவருடைய பதிவேட்டில் கடந்த ஆண்டு வீடுகளுக்குக் கொடுத்த புதிய குடிநீர் இணைப்புகள் 280. நகரத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரி 4 பேர். அப்படியானால் புதிய வீடுகளில் குடியேறியவர்கள் ஏறத்தாழ 1,120 பேர். 1,600 பேர் கூட வேண்டுமானால் 400 வீடுகள் வந்திருக்க வேண்டும். இளநிலை அலுவலரின் 1,792-க்கு 448 வீடுகள்.

இந்தச் சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. அண்ணன் தம்பி பிரிந்து தனி இணைப்பு வாங்கினால் வீடு கூடும், ஆள் கூடாது. புதிதாகக் கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இணைப்பு இருக்கும். மறுபக்கம், பழைய வீட்டிலேயே மருமகள் வருவாள், குழந்தை பிறக்கும், இணைப்புப் பதிவேட்டுக்கு அது தெரியாது. ஆகவே 1,120-ஐ விடை என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 280 வீடு எங்கே, 400 வீடு எங்கே? அந்த இடைவெளியை ஓட்டைகளைக் காட்டி மூட முடியாது.

அடுத்து பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எடுத்தோம். கடந்த ஆண்டு நகரவாசிகளில் பிறப்பு 1,010, இறப்பு 440. இயற்கையாகக் கூடியவர்கள் 570, அதாவது 0.9 சதவீதம். மொத்த வளர்ச்சி 2.5 சதவீதம் என்றால் மீதி 1.6 சதவீதம், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், வெளியிலிருந்து வந்து குடியேறியிருக்க வேண்டும். போகிறவர்களைக் கழித்த பிறகு, நிகரமாக ஆயிரம் பேர். பள்ளிச் சேர்க்கையிலும் வாடகை வீட்டு நெருக்கடியிலும் அது தெரிந்திருக்கும். தெரியவில்லை.

கணக்கு சரி, எண்கள் சரி, ஆனால் நகரம் அப்படி வளரவில்லை. அப்படியென்றால் அந்த 14,000 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

## எல்லைக்கு வெளியே இருந்த 4,000 பேர்

விடை பிரிவின் சுவரிலேயே தொங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நகர எல்லையை விரித்து, வடக்கே ஒட்டியிருந்த குடியிருப்பு ஒன்றை நகரத்தோடு சேர்த்திருந்தார்கள். வரைபடத்தில் பழைய எல்லை புள்ளிக்கோடாகவும் புதியது தடித்த கோடாகவும் இருக்கும். தினமும் கடந்துபோகும் வரைபடம்.

முதல் கணக்கெடுப்பின்போது அந்தக் குடியிருப்பில் 4,000 பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நகரத்தின் 50,000-க்குள் இல்லை, வேறு நிர்வாகத்தின் கணக்கில் இருந்தார்கள். இரண்டாம் கணக்கெடுப்பில் அதே பகுதியில் 5,200 பேர், இந்த முறை நகரத்தின் 64,000-க்குள். ஒரே நாளில், ஒருவரும் இடம் மாறாமல், கோட்டை நகர்த்தியதாலேயே நகரத்தின் மக்கள்தொகை கூடியிருக்கிறது. அந்தக் கூடுதலையும் சேர்த்து "வளர்ச்சி" என்று பத்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, அடுத்த ஆண்டுக்கும் நீட்டியிருந்தோம். அடுத்த ஆண்டு எல்லை விரியப் போவதில்லை. ஒருமுறை நடந்ததை ஆண்டுதோறும் நடப்பதாக எங்கள் சூத்திரம் எடுத்துக்கொண்டது.

திருத்தம் எளிது. இன்றைய எல்லைக்குள் இருக்கும் அதே நிலப்பரப்பில் அன்று எத்தனை பேர் என்று எடுக்க வேண்டும்: 50,000-உம் 4,000-உம் சேர்த்து 54,000. இன்று 64,000. உண்மையான கூடுதல் 10,000.

```
=(64000/54000)^(1/10)-1
```

விகிதம் 1.71%. அடுத்த ஆண்டு 64,000 × 1.0171, கிட்டத்தட்ட 65,100.

தனிவட்டியாகப் போட்டால் ஆண்டுக்கு 1,000, விடை 65,000. அதாவது கூட்டுவட்டியா தனிவட்டியா என்ற கேள்வி இந்த இடத்தில் 100 பேரைத்தான் நகர்த்துகிறது. எல்லையைக் கவனிக்காமல் விட்டது 500 பேரை நகர்த்தியது.

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. பழைய நகரமும் புதிதாகச் சேர்ந்த பகுதியும் ஒரே வேகத்தில் வளரவில்லையே, சேர்த்துப் போடலாமா? தனித்தனியாகவும் போட்டோம். பழைய நகரம் 50,000-இலிருந்து 58,800, ஆண்டுக்கு 1.63 சதவீதம், அடுத்த ஆண்டு 59,761. சேர்ந்த பகுதி 4,000-இலிருந்து 5,200, ஆண்டுக்கு 2.66 சதவீதம், அடுத்த ஆண்டு 5,338. கூட்டினால் 65,099. சேர்த்துப் போட்டதற்கும் இதற்கும் இரண்டு மூன்று பேர்தான் வித்தியாசம். ஓர் ஆண்டுக்கு அப்படித்தான் இருக்கும். இருபது முப்பது ஆண்டுகளுக்கு நீட்டினால் வேகமாக வளரும் பகுதி மொத்தத்தை இழுத்துக்கொண்டு போகும், அங்கே பிரித்துத்தான் போட வேண்டும்.

## எடுத்த முடிவு

65,100 என்ற எண் மற்ற பதிவேடுகளோடும் பொருந்தியது. கூடுதல் 1,100. அதில் இயற்கையாகக் கூடுவது 570, மீதி 530 பேர் குடியேற்றம். புதிய இணைப்புகள் காட்டிய 1,120-க்கும் அருகில். மூன்று வெவ்வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனாலும் ஒற்றை எண்ணாகக் கொடுக்க நான் விரும்பவில்லை. பிறப்பும் இறப்பும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. 0.9 சதவீதத்தை உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். மாறக்கூடியது குடியேற்றம். அது 0.8 சதவீதம் என்பது பத்தாண்டுச் சராசரியிலிருந்து கிடைப்பது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அது 0.5 ஆகலாம், 1.1 ஆகலாம். ஆகவே மொத்த விகிதத்தை 1.4 முதல் 2.0 வரை வைத்தோம். கீழ் எல்லை 64,900, மேல் எல்லை 65,300.

மூத்த அலுவலருக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. வீச்சாகக் கொடுத்தால் ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய அனுபவம். நியாயமான பயம். கடைசியில் 65,100 என்று எழுதி, அதற்குக் கீழே வீச்சையும் காரணத்தையும் சேர்த்தோம். விடையை நூறுக்கு முழுமையாக்குவது என்றும் முடிவானது. 65,097 என்று எழுதினால், அந்த ஏழு பேரைக் கூட எண்ணிவிட்டோம் என்று படிப்பவர் நினைப்பார். விகிதத்தை மட்டும் ஒரு தசம இடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டோம். 1.7-ஐ 2 என்று முழுமையாக்கினால் அதிலேயே 192 பேர் கூடிவிடுகிறார்கள்.

## பிறகு நடந்தது

அடுத்த சனவரி 1 நிலவரப்படி நகர நிர்வாகம் வீடு வீடாகச் சென்று பட்டியலைப் புதுப்பித்தது. எல்லை மாறவில்லை. எண்ணிக்கை 64,930.

எங்கள் 65,100-க்கு 170 பேர் குறைவு, வீச்சுக்குள் இருந்தது. முதல் விடையான 65,792 போயிருந்தால் 862 பேர் அதிகமாகக் காட்டியிருப்போம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 லட்சம் லிட்டர் தண்ணீர்.

170 பேர் குறைந்தது ஏன் என்றும் பார்த்தோம். இயற்கைக் கூடுதல் 550, எதிர்பார்த்ததை ஒட்டியே. குடியேற்றம்தான் 530-க்குப் பதில் 380. ஆண்டின் நடுவில் ஒரு தொழிலகத்தின் பணியாளர் குடியிருப்பை மூடியிருந்தார்கள், அங்கிருந்து 150 பேருக்கு மேல் வெளியூர் போயிருந்தார்கள். கடந்த பத்து ஆண்டுகளின் விகிதத்தில் இப்படி ஒன்று தெரிய வழியே இல்லை. ஆனால் மூடும் அறிவிப்பு எங்கள் கடிதம் போன சமயத்திலேயே வெளிவந்திருந்தது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இதுவரை படித்தால் நல்லபடியாக முடிந்தது என்று தோன்றும். முழுவதும் அப்படி இல்லை. அடுத்த கோடையின் இறுதி வாரங்களில், நிதியாண்டு முடியும் நேரத்தில், குழாய்களின் கடைக்கோடியில் இருந்த வீடுகளிலிருந்து தண்ணீர் வேகம் குறைவு என்று புகார் வந்தது. பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த அந்த வடக்குப் பகுதியிலிருந்து. பம்புகளைக் கூடுதல் நேரம் ஓட்டிச் சமாளித்தார்கள். பொறியாளர் எங்களிடம் வந்து கேட்டார்: "நீங்க கொடுத்த 65,100 எந்தத் தேதிக்கு சார்?"

சனவரி 1-க்கு. கணக்கெடுப்பிலிருந்து சரியாகப் பன்னிரண்டு மாதம். ஆனால் அவர்களுடைய நிதியாண்டு சூலை 1-இல் தொடங்கி அடுத்த சூன் 30-இல் முடிகிறது. அந்த ஆண்டின் கடைசி நாள்வரை போதுமான தண்ணீர் அவர்களுக்கு வேண்டும். அது கணக்கெடுப்பிலிருந்து பதினெட்டு மாதம். அவர்கள் "அடுத்த ஆண்டு" என்று எழுதினார்கள், நாங்களும் "அடுத்த ஆண்டு" என்று பதில் எழுதினோம், இரண்டு பேர் மனதிலும் வேறு வேறு நாள் இருந்தது.

பதினெட்டு மாதத்துக்குப் போட்டால் அடுக்கு 1 அல்ல, 1.5:

```
=64000*1.0171^1.5
```

ஏறத்தாழ 65,650. எங்கள் தவறான இரண்டாம் விடை 65,600-க்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அந்த எண்ணை அனுப்பியிருந்தால் ஒரு பிழை இன்னொரு பிழையை மூடியிருக்கும், புகாரும் வந்திருக்காது, எல்லைக் கோட்டின் கதை எங்களுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் சங்கடமாக இருக்கிறது.

## இனி மாற்றுவது

இளநிலை அலுவலரே ஒரு புதிய தாள் செய்தார். பழைய தாளில் "வளர்ச்சி %" என்று மட்டும் இருந்த தலைப்பு இப்போது "ஆண்டு வளர்ச்சி %, கூட்டுமுறை, இன்றைய எல்லை" என்று இருக்கிறது. தொடக்க ஆண்டு மக்கள்தொகையை உள்ளிடும்போது, எந்த எல்லைக்குள் எண்ணியது என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதாவிட்டால் விடைக் கட்டம் வெறுமையாகவே நிற்கும். விகிதத்தைக் கண்டுபிடித்ததும் அதைத் தொடக்க ஆண்டிலிருந்து மறுபடி ஏற்றி, கடைசிக் கணக்கெடுப்போடு ஒத்துப்போகிறதா என்று தாளே காட்டுகிறது. அன்று கையால் போட்ட அந்தப் பத்து வரிகள்தான் அது.

எண்ணைக் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன், எந்த நாளுக்கு வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுவிடுகிறோம். புதிய இணைப்புப் பதிவேட்டையும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்கிறோம். பெரிய குடியிருப்பு, விடுதி, தொழிலகம் எதையாவது திறக்கவோ மூடவோ போகிறார்களா என்று விசாரிப்பதும் இப்போது வேலையில் சேர்ந்திருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் அதை விகிதத்துக்குள் நுழைக்காமல் தனி வரியாகக் கூட்டவோ கழிக்கவோ செய்கிறோம். 150 பேர் ஒருமுறை போவது ஒரு நிகழ்வு. அதை விகிதத்தில் சேர்த்தால் ஆண்டுதோறும் 150 பேர் போவதாகிவிடும், எல்லைக் கோட்டில் செய்த அதே தப்பு திசை மாறி வரும்.

இரண்டாம் முறை குடிநீர்ப் பிரிவுக்குப் போன பதிலில் இப்படி இருந்தது: "தற்போதைய எல்லைக்குள், கடந்த சனவரி 1 நிலவரம் 64,930. ஆண்டு வளர்ச்சி 1.6 சதவீதம் எனக் கொண்டு, வரும் சனவரி 1-இல் 66,000, அதற்கடுத்த சூன் 30-இல் 66,500. குடியேற்றத்தைப் பொறுத்து விகிதம் 1.3 முதல் 1.9 வரை மாறலாம்."

கடிதம் போன மறுநாள் பொறியாளர் தொலைபேசியில் பேசினார். மொத்த எண் போதாதாம், வடக்குப் பகுதிக்குத் தனியாக எண் வேண்டுமாம். அந்தப் பகுதிக்கான வீட்டுப் பட்டியலை இளநிலை அலுவலர் அன்றே எடுக்கத் தொடங்கினார்.